பேட்டர்ன் சரி, எண்ணிக்கை தப்பு

போன வாரம் ஒரு கல்லூரியின் ஃபைனான்ஸ் கிளப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு மாணவர் போனை நீட்டினார். திரையில் ஒரு சார்ட், கோடுகள் அவ்வளவு சுத்தமாக வரைந்திருந்தார். 380 ரூபாயில் தடையைத் தாண்டும் பிரேக்அவுட், 371-க்கு இறங்கினால் விற்று வெளியேற ஸ்டாப். ஐந்நூறு ஷேர் வாங்கியிருந்தார்.

"ஏன் ஐந்நூறு?" என்றேன்.

"அக்கவுண்ட்ல இருந்த பணத்துக்கு அவ்வளவுதான் சார் வந்துச்சு."

அங்கே பேசியது முழுக்க இந்தப் பதிலைப் பற்றித்தான். கோட்டைத் தப்பாக வரைவது, வதந்தியைக் கேட்டு வாங்குவது எல்லாம் ஒரு மாதம் சந்தையில் இருந்தால் தானாகப் புரிந்துவிடும். இது புரியாது. எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது, அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

எத்தனை ஷேர் என்பதை அக்கவுண்ட் இருப்பைப் பார்த்து முடிவு செய்வது

என் கதையைச் சொல்கிறேன். அக்கவுண்டில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தது. ஒரு மருந்துக் கம்பெனி ஷேர் 412 ரூபாயில் மூன்று முறை முட்டித் திரும்பியிருந்தது. ஒவ்வொரு முறையும் இறக்கம் முன்பைவிடச் சற்று மேலேயே நின்று திரும்பியது. அசெண்டிங் டிரையாங்கிள் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நாலாவது முறை 412-ஐத் தாண்டியதும் 413-இல் வாங்கினேன். கடைசியாகத் திரும்பிய தாழ்வுக்குக் கீழே, 399-இல் ஸ்டாப். இதுவரை எந்தத் தப்பும் இல்லை.

அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயில், இருக்கும் பணத்தைப் போல ஐந்து மடங்கு வரை புரோக்கர் வாங்க விட்டார். ஆயிரம் ஷேர் வாங்க 82,600 ரூபாய் மார்ஜின் போதும். வாங்கிவிட்டேன். ஆயிரம் என்பது பார்க்க அழகான எண், வேறு காரணம் கிடையாது.

மதியம் விலை 400-க்கு வந்தது. நஷ்டம் 13,000 என்று சிவப்பில் ஓடியது. அப்போது எனக்கு சார்ட்டே தெரியவில்லை, அந்த எண் மட்டும்தான் தெரிந்தது. இரண்டு மாத வாடகை அது. "இது ரீடெஸ்ட்தான், திரும்பிவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஸ்டாப் ஆர்டரை 390-க்கு இறக்கினேன். 391 வந்ததும் அதையும் கேன்சல் செய்தேன். 3 மணிக்கு மேல் புரோக்கர் தானாகவே விற்று ஸ்கொயர் ஆஃப் செய்தபோது விலை 386. 27,000 ரூபாய் காலி.

அடுத்த வாரம் அந்த ஷேர் 450 போனது. பேட்டர்ன் ஜெயித்துவிட்டது.

ஸ்டாப்பை நகர்த்தியதற்கு மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்தேன். அப்படி இல்லை. காலையில் வாங்கும்போதே, 399-இல் வெளியேறினால் 14,000 போகும் என்ற நிலையை நானே உண்டாக்கியிருந்தேன். ஒரு லட்சம் வைத்திருப்பவனால் 14,000 நஷ்டத்தைச் சாதாரணமாக ஏற்க முடியாது. ஸ்டாப்பை நகர்த்தும் முடிவு, ஆயிரம் ஷேர் வாங்கிய அந்த நொடியிலேயே எடுத்தாகிவிட்டது.

கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். ஒரு டிரேடில் அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பது முதலில். ஒரு சதவீதம் என்று வைத்தால் 1,000 ரூபாய். வாங்கும் விலைக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் 14 ரூபாய். 1,000-ஐ 14-ஆல் வகுத்தால் 71 ஷேர். ஸ்டாப் அடித்தாலும் கமிஷன், வரி தவிர 994 ரூபாய்தான் போகும். அதை நகர்த்த யாருக்கும் கை வராது.

ஸ்டாப் நகர்த்துவது எவ்வளவு செலவு வைக்கும் என்று போர்டில் எழுதிக் காட்டினேன். பத்து டிரேடில் நாலுதான் ஜெயிக்கிறது என்று வையுங்கள். தோற்றால் 1,000, ஜெயித்தால் 2,000. நாலு ஜெயித்து 8,000 வரும், ஆறு தோற்று 6,000 போகும், கையில் 2,000 மிச்சம். தோற்ற ஆறில் ஒன்றே ஒன்றில் ஸ்டாப்பை இறக்கி நஷ்டம் 5,000 ஆனால்? மொத்த நஷ்டம் 10,000. அதே பேட்டர்ன், அதே வெற்றி விகிதம், இப்போது 2,000 மைனஸ்.

இந்த விகிதத்தில் நூறு டிரேடு போட்டால், நடுவில் தொடர்ந்து ஆறு தோல்வி பெரும்பாலும் ஒரு முறையாவது வந்துவிடும். ஒரு சதவீதக் கணக்கில் அது ஆறு சதவீதச் சறுக்கல். என்னைப் போல முறைக்கு 14 சதவீதம் வைத்தால் ஒரு லட்சம் என்பது வெறும் நாற்பதாயிரமாகச் சுருங்கிவிடும். அதை மறுபடி லட்சம் ஆக்க 150 சதவீதம் சம்பாதிக்க வேண்டும்.

ஒரு லாட்தானே என்று நினைப்பது

2024 ஜூன் 3, தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக் கணிப்புகள் வந்த பிறகு முதல் வர்த்தக நாள். நிஃப்டி புது உச்சத்தைத் தொட்டு 23,263-இல் முடிந்தது. இதைவிடத் தெளிவான பிரேக்அவுட் கிடைக்காது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. ஒரு கட்டத்தில் 21,300-க்கும் கீழே போய், கிட்டத்தட்ட ஆறு சதவீத இறக்கத்தில் 21,884-இல் முடிந்தது. 7-ஆம் தேதி 23,290-இல் முடிந்தது.

நாலு நாளில் பிரேக்அவுட் நாள் முடிந்த விலையையே தாண்டிவிட்டது. ஆனால் ஒரு லட்சத்தை மார்ஜினாக வைத்து நிஃப்டி ஃபியூச்சரில் ஒரு லாட், அதாவது வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, எடுத்தவர், 4-ஆம் தேதி அடிமட்டத்தில் ஏறக்குறைய 50,000 ரூபாய் நஷ்டத்தைப் பார்த்திருப்பார். அப்போது லாட் 25 யூனிட்தான். மார்ஜின் பற்றாமல் வெளியே தள்ளப்பட்டவருக்கு 7-ஆம் தேதி வந்து என்ன பிரயோஜனம்?

சரி, 23,000-இல் ஸ்டாப் வைத்திருந்தால்? 263 புள்ளி, 25 யூனிட், சுமார் 6,600 ரூபாய். அது ஒரு சதவீதமாக இருக்க அக்கவுண்டில் 6.6 லட்சம் வேண்டும். லாட்டைப் பாதியாக வெட்ட முடியாது. ஒரு லட்சம் வைத்திருப்பவருக்குக் கணக்கு சொல்லும் எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யமும் ஒரு விடைதான் என்றேன், பின்வரிசையில் சிரித்தார்கள்.

மனதுக்குள் ஸ்டாப் வைப்பது

ஆர்டராகப் போடாதது ஸ்டாப்பே இல்லை.

இறங்க இறங்க ஆவரேஜ் செய்வது

விலை இறங்கியதும் மறுபடி வாங்கி, 71 என்று கணக்கு சொன்ன இடத்தில் 142 வைத்திருப்பது. வேறொன்றுமில்லை.

ஸ்டாப் போட்டாகிவிட்டது, கவலையில்லை என்று நம்புவது

ராத்திரியில் ஏதாவது மோசமான செய்தி வந்தால் 399-இல் விற்க முடியாது. காலையில் 380-இல் திறந்தால் அந்த விலைதான் கிடைக்கும். அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட அடிமட்ட விலையான லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்க ஆளே இருக்காது, உங்கள் ஆர்டர் வரிசையில் நிற்கும். லிமிட் விலையுடன் போட்ட ஸ்டாப்பாக இருந்தால், விலை அதைத் தாண்டிக் குதித்துவிடும், ஆர்டர் அப்படியே கிடக்கும்.

இங்கேயும் காப்பாற்றுவது எண்ணிக்கைதான். 413-இல் வாங்கியது 380-இல் திறந்தால் ஷேருக்கு 33 ரூபாய் நஷ்டம். 71 ஷேருக்கு 2,343 ரூபாய், கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். வலிக்கும், ஆனால் அடுத்த டிரேடு போடலாம். ஆயிரம் ஷேருக்கு 33,000. கம்பெனி ரிசல்ட் வரும் நாளுக்கு முந்தின மாலை நான் பாதியை விற்றுவிடுவது இதனால்தான்.

பேசி முடித்ததும் அந்த மாணவர் மறுபடி வந்தார். அக்கவுண்டில் 40,000 ரூபாய், ஐந்நூறு வாங்கியது ஐந்து மடங்கு மார்ஜினில் என்றார். ஒரு சதவீதம் 400, ஸ்டாப் தூரம் 9. போனிலேயே வகுத்தார், 44 வந்தது. ஐந்நூறு வாங்கியிருந்த இடத்தில்.

"இவ்ளோ கம்மியா சார்? இதுல என்ன லாபம் வரும்?"

"380-இலிருந்து 398 போனால் 792 ரூபாய்" என்றேன். முகம் சுருங்கியது. டீ வந்துவிட்டதால் பேச்சு அத்தோடு நின்றது.