தெளிப்பான் கணக்கில் ωR-ஐக் கழிக்க மறக்காதீர்கள்

புல்வெளித் தெளிப்பான் கணக்கில் பலரும் நீரின் வேகத்தை அப்படியே போட்டுவிடுகிறார்கள். முனையில் w வேகத்தில் நீர் பின்னோக்கிப் பாயும்போது, R நீளமுள்ள கை ω கோண வேகத்தில் சுழல்வதால் முனையே ωR வேகத்தில் முன்னே போகிறது. அதனால் தரையிலிருந்து பார்த்தால் நீரின் வேகம் w − ωR தான்.

முறுக்குவிசை T, நீரின் அடர்த்தி ρ, மொத்த ஓட்டம் Q என்றால்:

T = ρQR(w − ωR)

இரண்டு கைகள், R = 0.2 மீ, மொத்த ஓட்டம் நொடிக்கு 0.2 லிட்டர், ஒவ்வொரு முனையும் 10 சதுர மி.மீ., கையின் நுனி சரியாக 90° வளைந்தது என்று வைப்போம். w = 10 மீ/நொடி. கையைப் பிடித்து நிறுத்தினால் முறுக்குவிசை 0.4 நியூட்டன் மீட்டர். உராய்வே இல்லையென்றால் ω = w/R = 50 ரேடியன்/நொடி. தாங்கியின் உராய்வு முறுக்குவிசை 0.3 நியூட்டன் மீட்டர் என்றால், அதை T-க்குச் சமன்படுத்துங்கள்: ωR = 2.5, ω = 12.5, நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று.

ωR-ஐ விட்டால் T எப்போதும் 0.4-லேயே நிற்கும், வேகம் கூடிக்கொண்டே போகும். நுனி தொடுகோட்டுக்கு α கோணம் சாய்ந்திருந்தால் w-க்குப் பதில் w cos α.