கழகத்துக்குப் பெயர் வைப்பது எப்படி: மைக்கில் தாக்குப்பிடிக்கும் பெயர்

மென்பந்து அணி தொடங்கும் தம்பிமாருக்காக எழுதுகிறேன். ஆள் சேர்ந்துவிட்டது, பெயர்தான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒழுங்கையைச் சுற்றிப் பாருங்கள். லயன்ஸ், ஈகிள்ஸ், யங் ஸ்டார் எல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் நினைவில் நிற்காது. லண்டனில் 1886இல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் தொடங்கிய கழகம்தான் ஆர்சனல். 1913இல் நகரின் வடக்கே ஹைபரிக்கு மாறிய பிறகும் ‘கன்னர்ஸ்’ என்ற பட்டப்பெயரும் சின்னத்துப் பீரங்கியும் கூடவே போயின. ஆட்களின் தொழிலில் இருந்து வந்த பெயர் அது. நமக்குத் திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் இருக்கின்றன. ‘கோட்டை மான்கள்’ என்று எடுத்துக்கொள்வோம்.

அடுத்தது கூப்பிட்டுப் பார்ப்பது. பலரும் சறுக்கும் இடம் இது. ‘உப்புவெளி இளம் நட்சத்திரங்கள் விளையாட்டுக் கழகம்’ கடிதத்தலைப்பில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மைக் பிடிக்கும் அண்ணன் இரண்டாவது ஓவரிலேயே அதை வெட்டிவிடுவார். எதை வைத்துக்கொள்வது என்று அவர்தான் முடிவு செய்வார், உங்களைக் கேட்கமாட்டார். ஆகவே நீங்களே முதலில் வெட்டிப் பாருங்கள். ஒருவரை எல்லைக்கோட்டில் நிற்கவைத்து, கடல்காற்று அடிக்கும் பின்னேரத்தில் மறுபக்கம் இருந்து கத்துங்கள். ‘கோட்டை மான்கள்’ கத்தும்போது ‘கோட்டை மான்’ ஆகிவிடும். பரவாயில்லை, சுருங்கியும் அடையாளம் போகவில்லை. ‘இளம் நட்சத்திரங்கள்’ சுருங்கினால் மிஞ்சுவது வெறும் ‘இளம்’.

அப்புறம் எதிரணிக்காரன் காதால் கேளுங்கள். “மான் ஓடுது, பிடியடா!” என்று நிச்சயம் கத்துவான். ஓட்டம் எடுக்கும் விளையாட்டில் அது நமக்கு நட்டமில்லை. நக்கலைத் திருப்பிப் போட முடியாத பெயரென்றால் விட்டுவிடுங்கள்.

சின்னம் வரையக் கணினி வேண்டாம். தடித்த கறுப்பு மார்க்கரும் வெள்ளைத்தாளுமே போதும். முழு மானை வரைந்தால் நெஞ்சுப் பக்கத்துச் சின்ன எம்பிராய்டரியில் புள்ளியெல்லாம் நூல்முடிச்சாகிவிடும், கால்கள் ஒட்டிக்கொள்ளும். தலையும் கொம்பும் மட்டும் போதும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மானா ஆடா என்று சந்தேகம் வருகிறதா? கொம்பின் கிளைகளைக் குறைத்து, தடிப்பாக்குங்கள்.

பிற்சேர்க்கை: ஊர்ப்பெயர் கட்டாயமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பொதுவான பெயரென்றால் கட்டாயம். இல்லாவிட்டால் ஒரே அட்டவணையில் இரண்டு ‘யங் ஸ்டார்’ வந்து நடுவர் குழம்புவார். லங்கா பிரீமியர் லீக்கில் 2020இல் ‘ஜஃப்னா ஸ்டாலியன்ஸ்’ அடுத்த வருடமே ‘ஜஃப்னா கிங்ஸ்’ ஆனபோது, மாறாமல் நின்றது ஊர்ப்பெயர்தான். நம் மான்களுக்குக் ‘கோட்டை’யே ஊரைச் சொல்லிவிடுகிறது. பிரதேச செயலகத்தில் பதியும்போது ‘திருகோணமலை’ சேர்த்து நீளமாகவே எழுதுங்கள். அது றப்பர் முத்திரைக்கு. ஜேர்சியில் குட்டிப் பெயர் மட்டும்.