சிக்குன்குனியா போய் மாதக்கணக்கில் மூட்டு வலியா? வீட்டில் படிப்படியாக என்ன செய்யலாம்

காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்கிவிடும். மூட்டு வலி மட்டும் தங்கிவிடும். காலையில் எழுந்ததும் டூத் பேஸ்ட் மூடியைத் திறக்க முடியாது, பால் பாக்கெட்டைக் கிழிக்க முடியாது, கழிவறையில் குந்தி எழ முடியாது. சிக்குன்குனியா வந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2006-இல் தமிழ்நாட்டில் அது பெரிய அளவில் பரவியபோது, பல வீடுகளில் காய்ச்சல் போய் வெகுநாள் கழித்தும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வைரஸ் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வலிப்பது, வைரஸை விரட்டக் கிளம்பிய நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டைச் சுற்றியுள்ள சவ்விலும் தசைநாண் உறைகளிலும் இன்னும் சண்டையை நிறுத்தாததால். அதனால் உங்களிடமிருந்து மற்றவர்களுக்கு இப்போது தொற்றாது. ஆன்டிபயாட்டிக் போட்டும் பயனில்லை. பெரும்பாலோருக்கு வாரங்களிலோ சில மாதங்களிலோ வலி குறைந்துவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டுத் தொல்லை இருந்தவர்கள், முதல் வாரத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள் ஆகியோருக்கு அது நீள வாய்ப்பு அதிகம்.

காய்ச்சல் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. அந்தக் கட்டத்தில் டெங்குவா என்பது தெளிவாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. மருத்துவரைப் பாருங்கள்.

படி 1: காலை விறைப்பை அளந்து எழுதுங்கள்

"வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் சொல்வது "அப்படியேதான் இருக்கு" என்றுதான். அது யாருக்கும் உதவாது. எனக்கு வேண்டியது ஒரு எண். விழித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விரல்களை மடக்கி முழு முஷ்டி பிடிக்க முடிந்த நேரத்தையும் குறியுங்கள். கால் மட்டும் விறைக்கிறவர்கள் நொண்டாமல் நடக்க முடிந்த நேரத்தை எழுதலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள்தான் உங்கள் விறைப்பு நேரம். பால் கணக்கு எழுதும் நோட்டே போதும்.

அத்துடன் இன்னொன்று. விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள நாலு கணுக்களையும், கை குலுக்குவதுபோல் பக்கவாட்டில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் 'அ' என்று எழுதுங்கள். மோதிரம் இறுகுகிறதா என்பதையும் பாருங்கள், அது வீக்கத்தின் அடையாளம்.

இந்த எண் ஏன் முக்கியம்? விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடமாட நடமாடக் குறைந்தால் மூட்டுக்குள் அழற்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் பத்து நிமிடம்தான் பிடிப்பு, சாயங்காலம் வேலை முடிந்த பிறகுதான் வலி என்றால், பெரும்பாலும் அது படுத்துக் கிடந்ததில் பலம் குறைந்த தசையும் பழைய தேய்மானமும் கொடுக்கும் தொல்லை. முதல் வகைக்கு மருந்து தேவைப்படலாம். இரண்டாவது வகைக்குப் பயிற்சியே முதல் மருந்து.

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். இட்லிக் கடை நடத்தும் 52 வயது அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் காய்ச்சல், இப்போது தை. இரண்டு மணிக்கட்டு, விரல் கணுக்கள், கணுக்கால்கள் எல்லாம் வலி. முதல் வாரம் அவர் நோட்டில் விறைப்பு 50 நிமிடம், 55, 50. ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம், தேங்காய் துருவித் துருவிக் கை ஓய்ந்தது. திங்கட்கிழமை காலை 80. எந்த வேலை தன்னைப் படுத்துகிறது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

படி 2: எழுந்ததும் வெந்நீர், அப்புறம் அசைவு

அகலமான பாத்திரத்தில் கை தாங்கும் சூட்டில் தண்ணீர் எடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்பீர்களே, அந்தச் சூடு போதும். மணிக்கட்டு மூழ்கும் வரை கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே இவற்றைச் செய்யுங்கள்:

- விரல்களை முழுக்க நீட்டுங்கள். நடுக் கணுக்களையும் நுனிக் கணுக்களையும் மட்டும் கொக்கிபோல் மடக்குங்கள். பிறகு முழு முஷ்டி. மறுபடி நீட்டுங்கள். பத்து முறை, அவசரமில்லாமல்.
- கட்டை விரல் நுனியால் மற்ற நாலு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள்.
- மணிக்கட்டை மேலே, கீழே, பிறகு இரு பக்கமும்.

முஷ்டி முழுதாக மடங்கவில்லை என்றால் மடங்கும் வரை போதும். இன்னொரு கையால் அழுத்தி மடக்கக் கூடாது, வீங்கிய தசைநாண் உறை அதனால் இன்னும் வீங்கும். கால்களுக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைத்து, வட்டமாகச் சுழற்றிய பிறகு தரையில் ஊன்றுங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் பாதங்களை வெந்நீரில் வைக்க வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும்.

விறைப்புக்குச் சூடு, வீக்கத்துக்குக் குளிர் என்பது பொதுவான கணக்கு. மாலையில் மணிக்கட்டு தொட்டால் சூடாக, பொதபொதவென்று இருந்தால் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். சிலருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, வலி கூடும். அவர்கள் விட்டுவிடலாம்.

படி 3: வேலையை நிறுத்தாதீர்கள், பிடியை மாற்றுங்கள்

முழு ஓய்வு எடுத்தால் விறைப்பு கூடுகிறது. பழையபடி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தால் வீக்கம் கூடுகிறது. நடுவே ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு வேலையோ பயிற்சியோ முடித்த பிறகு கூடுதலான வலி இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. அதற்கு மேலும் நீடித்தாலோ மறுநாள் விறைப்பு எண் ஏறினாலோ, அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

நம் அக்காவுக்கு என்ன மாற்றலாம்? மூட்டுக்கு மிக மோசமானது, இறுகப் பிடித்துக்கொண்டே முறுக்குவது. துணி பிழிவது, இறுக்கமான மூடி திறப்பது, கையால் தேங்காய் துருவுவது எல்லாம் அந்த ரகம். தேங்காயைக் கீற்றாக நறுக்கி மிக்ஸியில் போட்டுக்கொள்ளலாம். துணியைப் பிழியாமல் குழாயில் தொங்கவிட்டு நீரை வடிய விடலாம். கரண்டிக் காம்பில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் விரல்களை அவ்வளவு இறுக்க வேண்டியிருக்காது. இட்லிக் குண்டானை விரல்களால் காதைப் பிடித்துத் தூக்காமல், சூடு ஆறிய பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கித் தூக்கலாம். மாவுப் பாத்திரத்தைப் பாதியாகப் பிரித்து இரண்டு நடையாக எடுத்துப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது இந்த வலிக்கு ஆகவே ஆகாது. இரவில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் மட்டும் கட்டிப் பாருங்கள். சில வாரங்களில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு வாரத்தில் காலை விறைப்பு கொஞ்சம் இறங்கியதும் தசைப் பலத்துக்கு வரலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது முதல் பயிற்சி. ஐந்து முறையில் தொடங்குங்கள். தினம் பத்து நிமிடம் சமதரையில் நடை. இரண்டுக்கும் அதே இரண்டு மணி நேர அளவுகோல்தான்.

படி 4: மாத்திரையில் கவனிக்க வேண்டியவை

பாராசிட்டமால் 650 மி.கி. என்றால் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் மது அருந்துபவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மருந்துக் கடையில் "மூட்டு வலிக்கு" என்று கேட்டால் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துடன் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதோடு தனியாகவும் பாராசிட்டமால் போட்டால் கணக்கு இரட்டிப்பாகும். அட்டையின் பின்புறம் படியுங்கள்.

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் போன்றவை அழற்சியைக் குறைக்கும், விறைப்புக்கு நல்லவைதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்கள் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். இந்த வகையில் இரண்டை ஒன்றாகப் போடுவதால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் பாதிக்கப்படும்.

அப்புறம், "ஒரே ஊசியில் சரியாயிடும்" என்ற பேச்சு. அந்த ஊசியில் பல நேரம் இருப்பது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. பெயர் எழுதாத பொட்டலங்களில் விற்கும் மூட்டு வலிப் பொடிகள் சிலவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அடையாளம் எளிது: ஓரிரு நாளில் வலி மாயமாகும், பசி அதிகரிக்கும், சர்க்கரை ஏறும், வாரங்களில் முகம் உப்பும். நிறுத்தினால் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஸ்டீராய்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் குறைந்த அளவில், குறிப்பிட்ட நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது வேறு விஷயம். ஏற்கெனவே வாரக்கணக்கில் அப்படிப்பட்ட பொடி சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் பொட்டலத்தோடு போங்கள்.

நிலவேம்புக் குடிநீர் பற்றியும் கேட்பார்கள். காய்ச்சல் காலத்தில் அரசே வழங்கியது. மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலியை அது குறைக்கும் என்று நம்பிச் சொல்ல எனக்குப் போதிய ஆதாரம் தெரியவில்லை.

படி 5: எப்போது மூட்டு மருத்துவரைப் பார்ப்பது

ஒரே ஒரு மூட்டு சிவந்து, கொதித்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

மற்றபடி, காய்ச்சல் வந்து மூன்று மாதம் கடந்தும் விறைப்பு 30 நிமிடத்துக்கு மேல் இருந்து வீக்கமும் இருந்தால் மூட்டு வாத நிபுணரைப் பாருங்கள். நம் அக்கா அந்த இடத்தில்தான் நிற்கிறார். வெந்நீரும் வேலை மாற்றமும் அவர் எண்ணை 50-இலிருந்து 35-க்குக் கொண்டுவந்தன, ஆனால் 'அ' இன்னும் மறையவில்லை. நிபுணர் இஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்து பார்ப்பார். முடக்குவாதமும் இதே மூட்டுகளில் இதே மாதிரி வலிக்கும் என்பதுதான் காரணம். ஆர்ஏ ஃபேக்டர் லேசாக ஏறியிருப்பதை மட்டும் பார்த்து முடக்குவாதம் என்று பயந்துவிட வேண்டாம், அது வேறு காரணங்களாலும் ஏறும். ஆன்டி சிசிபி கூடுதல் நம்பகமானது.

தேவைப்பட்டால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அல்லது மெத்தோட்ரெக்ஸேட் எழுதுவார். இவை வலி மாத்திரைகள் அல்ல, பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். மெத்தோட்ரெக்ஸேட்டை மூட்டு நோய்க்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப்போல் தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் அதைத் தொடவே கூடாது, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டில் மருத்துவரையே எழுதச் சொல்லி, அதே கிழமையை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு, மருந்துப் பெட்டியை வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள்.