ஜாக்கெட் ரியாக்டருக்கு கேஸ்கேட் கட்டுப்பாடு: குளிர்நீர் ஓட்டத்தை உள் வளையமாக அமைப்பது எப்படி?

வடசென்னையில் உள்ள ஓர் ஆலையில், 5 கிலோலிட்டர் கொள்ளளவுள்ள ஒரு ரியாக்டருக்கு வெப்பநிலைக் கட்டுப்பாட்டை அமைத்துக் கொடுத்தபோது நான் செய்த வேலையை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். PID என்றால் என்ன, ஒரு வளையத்தை MAN நிலையிலிருந்து AUTO நிலைக்கு எப்படி மாற்றுவது என்பவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ரியாக்டரின் உள்ளே வெப்பம் உமிழும் வினை நடக்கிறது. வெப்பநிலையை 70 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும். ஜாக்கெட்டில் கூலிங் டவர் தண்ணீர் ஓடுகிறது. வெப்பநிலைக் கன்ட்ரோலர் நேரடியாக வால்வைத் திறந்து மூடினால் என்ன சிக்கல் என்றால், அதே ஹெட்டரிலிருந்து தண்ணீர் எடுக்கும் பக்கத்து ரியாக்டர் தன் வால்வைத் திறந்தவுடன் அழுத்தம் குறைந்து, நம் வால்வு அசையாமல் இருந்தாலும் ஓட்டம் குறைந்துவிடும். 4 டன் திரவத்தின் வெப்பநிலையில் அது தெரியவரப் பல நிமிடங்கள் ஆகும். ஓட்டத்தை அளந்து அதற்கென்று ஒரு கன்ட்ரோலர் வைத்தால், அந்தக் குறைவைச் சில நொடிகளிலேயே அது சரிசெய்துவிடும். ஆகவே வெளி வளையமான TIC-101 வெப்பநிலையைப் பார்த்து "இவ்வளவு தண்ணீர் வேண்டும்" என்று கேட்கிறது. உள் வளையமான FIC-102 அந்த அளவைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

1. செயல் திசை

வினை வெப்பம் உமிழ்வது என்பதால், காற்று நின்றுபோனால் திறந்துகொள்ளும் வால்வைப் போட்டிருந்தோம். அப்படிப்பட்ட வால்வுக்குச் சிக்னல் கூடினால் வால்வு மூடும். ஓட்டம் தேவைக்கு மேல் போனால் மூட வேண்டும், அதாவது சிக்னல் கூட வேண்டும். ஆகவே FIC-102 நேர்ச் செயலில் இருக்க வேண்டும். ஆனால் பல DCS-களில், 100% என்றால் முழுத் திறப்பு என்று திரையில் தெரியும்படி சிக்னலை வெளியீட்டுக் கட்டத்திலேயே தலைகீழாக்கியிருப்பார்கள். அப்படியிருந்தால் FIC-102 எதிர்ச் செயலில் இருக்க வேண்டும். இதைக் காகிதத்தில் யோசித்து முடிவுசெய்யாமல், வால்வின் அருகில் ஒருவரை நிறுத்தி, MAN நிலையில் 10% கூட்டி, தண்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

TIC-101-க்கு இந்தக் குழப்பமே இல்லை. வெப்பநிலை கூடினால் அதிக ஓட்டம் கேட்க வேண்டும், ஆகவே அது எப்போதும் நேர்ச் செயல்தான். வால்வு எந்த வகையாக இருந்தாலும் அந்த விவரம் உள் வளையத்தோடு நின்றுவிடுகிறது.

2. உள் வளையத்தை முதலில் டியூன் செய்யுங்கள்

FIC-102-ஐ MAN நிலையில் வைத்து வால்வை 40%-லிருந்து 45%-க்கு நகர்த்தினேன். ஓட்டம் மணிக்கு 8.0 கன மீட்டரிலிருந்து 9.2-க்குப் போனது. மீட்டரின் வீச்சு 0 முதல் 20 வரை என்பதால் இது 6% மாற்றம். 5%-க்கு 6% என்றால் பெருக்கம் 1.2. மாற்றம் தொடங்க 1 நொடி ஆனது, கால மாறிலி ஏறக்குறைய 3 நொடி. வளையம் 9 நொடிக் கால மாறிலியோடு நடந்துகொண்டால் போதும் என்று எடுத்துக்கொண்டேன்:

```
Kc = 3 / (1.2 × (9 + 1)) = 0.25
Ti = 3 s
Td = 0
```

Kc சிறியதாகவும் Ti மிகக் குறைவாகவும் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓட்ட வளையத்தின் இயல்பு அதுதான். சோதனையின்போது டிரெண்டை 1 நொடி இடைவெளியில் பதிவு செய்யுங்கள். 10 நொடிக்கு ஒரு புள்ளி எடுக்கும் டிரெண்டில் இந்த வளையம் எப்போதும் அழகாகத்தான் தெரியும். வால்வு ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டு நகர்வது அதில் தெரியாது. ஆரிஃபிஸ் மீட்டர் இருந்தால், வர்க்கமூலம் டிரான்ஸ்மிட்டரிலோ DCS-லோ ஓரிடத்தில் மட்டும் எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். தேர்வு என் கையில் இருந்தால் இந்த இடத்துக்கு மின்காந்த ஓட்டமானியைத்தான் வாங்குவேன், ஏனெனில் குறைந்த ஓட்டத்தில் ஆரிஃபிஸின் அளவை நம்ப முடிவதில்லை. தானியங்கி டியூனிங் வசதியை நான் பயன்படுத்துவதில்லை. கையால் ஒரு படி கொடுத்துப் பார்க்கும்போது வால்வின் குறைகளும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன.

3. வெளி வளையம்

FIC-102-ஐ AUTO நிலையில் விட்டு, அதன் செட்பாயிண்டை நகர்த்தி வெப்பநிலையைப் பாருங்கள். எந்த ஓட்டத்தில் இந்தச் சோதனையைச் செய்கிறீர்கள் என்பது மிக முக்கியம். எங்கள் ரியாக்டருக்குச் சுவர் வழியே வெப்பம் கடக்கும் திறனான UA டிகிரிக்கு 4.2 கிலோவாட், தண்ணீர் 32 டிகிரியில் நுழைகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், ஓட்டத்தை 2-லிருந்து 4 கன மீட்டராக்கும்போது வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய 27 கிலோவாட் கூடுகிறது. அதே 2 கன மீட்டரை 14-லிருந்து 16-க்குக் கூட்டினால் 3 கிலோவாட்தான் கூடுகிறது. ஜாக்கெட்டில் தண்ணீர் வேகமாக ஓடத் தொடங்கியபின், வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது ரியாக்டரின் சுவரே தவிர ஓட்டம் அல்ல.

ஆகவே குறைந்த ஓட்டத்தில் சோதித்தேன். 2-லிருந்து 4-க்குப் போனபோது வெப்பநிலை நிமிடத்துக்கு 0.1 டிகிரி வீதம் இறங்கியது. இறங்கத் தொடங்க 2 நிமிடம் ஆனது. 0 முதல் 150 டிகிரி வீச்சில் அதிலிருந்து கிடைத்த எண்கள் Kc = 15, Ti = 40 நிமிடம். ஒரு டிகிரி பிழைக்கு மணிக்கு 2 கன மீட்டர் கூடுதலாகக் கேட்கும் என்று பொருள். உயர்ந்த ஓட்டத்தில் இந்த வளையம் மந்தமாக இருக்கும். அதற்காக அங்கே டியூன் செய்தால் குறைந்த ஓட்டத்தில் ஆடத் தொடங்கிவிடும்.

4. இரண்டையும் இணைப்பது

இந்தப் படியில்தான் நான் தடுக்கி விழுந்தேன், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ரியாக்டரில் 4 டன் தண்ணீரை நிரப்பி, வினை வெப்பத்துக்கு ஈடாக நேரடி நீராவியைச் சிறிதளவு ஒரே சீராக விட்டு, சோதனை ஓட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். ஆபரேட்டர் FIC-102-ஐ AUTO நிலையில் வைத்து, செட்பாயிண்டை மணிக்கு 3 கன மீட்டர் என்று கையால் கொடுத்திருந்தார். TIC-101-உம் AUTO நிலையில்தான் இருந்தது. வெப்பநிலை 71.5 டிகிரியில் நின்றது. அப்போது நான் Ti-ஐ அவசரப்பட்டு 10 நிமிடமாக வைத்திருந்தேன்.

40 நிமிடம் கழித்து "சார், கேஸ்கேடில் போட்டுவிடலாமா?" என்று அவர் கேட்டார். வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு, போடுங்கள் என்றேன். ஓட்டம் 3-லிருந்து 18 கன மீட்டருக்குத் தாவியது.

கணக்கு இதுதான். பிழை 1.5 டிகிரி, அதாவது 1%. Kc 15 என்பதால் விகிதப் பகுதி 15% கூட்டியது. ஒவ்வொரு 10 நிமிடமும் தொகைப் பகுதி இன்னொரு 15% கூட்டியது. 40 நிமிடத்தில் 60%. தொடக்கத்தில் இருந்த 15%-ஐயும் சேர்த்தால் 90%, அதாவது 18 கன மீட்டர். தான் கேட்பதை யாரும் கேட்கவில்லை என்பது TIC-101-க்குத் தெரியாது. ஆகவே மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருந்தது. இணைத்தபின் வெப்பநிலை அரை மணி நேரத்துக்குள் 66.5 டிகிரி அருகில் போய்த்தான் திரும்பியது.

தண்ணீரில் இது வெறும் டிரெண்டுக் கோடு. மூலப்பொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் உண்மையான பேட்சில் இது ஆபத்து. வெப்பநிலை இறங்கினால் வினை மந்தமாகும். செலுத்திய பொருள் வினைபுரியாமல் உள்ளே சேரும். மீண்டும் சூடாகும்போது அது மொத்தமாக வினைபுரிந்து, ஜாக்கெட்டால் எடுக்க முடியாத வெப்பத்தை வெளியிடும்.

தீர்வு, FIC-102 கேஸ்கேட் நிலையான CAS-இல் இல்லாதபோதெல்லாம் TIC-101-இன் வெளியீடு FIC-102-இன் செட்பாயிண்டைப் பின்தொடர வேண்டும் என்பது. ஃபீல்ட்பஸ் வகைக் கட்டங்கள் உள்ள DCS என்றால், FIC-102-இன் `BKCAL_OUT`-ஐ TIC-101-இன் `BKCAL_IN`-உடன் இணைத்தால் போதும். TIC-101 தானாகவே `IMan` நிலைக்குப் போய்விடும். PLC-யில் நீங்களே எழுத வேண்டும்:

```
TIC101.TRK_EN  := (FIC102.MODE <> CAS);
TIC101.TRK_VAL := FIC102.SP * 100.0 / 20.0;
```

டேக் பெயர்கள் உங்கள் அமைப்பில் வேறாக இருக்கலாம். வெளியீட்டில் எண்ணை எழுதுவது மட்டும் போதாது. தொகைப் பகுதியும் அதற்கேற்ப மாற்றி எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் இணைத்த அடுத்த ஸ்கேனிலேயே பழைய எண் திரும்பி வரும். அதோடு, FIC-102 MAN நிலையில் இருக்கும்போது அதன் செட்பாயிண்ட் உண்மையான ஓட்டத்தைப் பின்தொடரும்படி வையுங்கள்.

சோதிப்பது எளிது. வெப்பநிலையில் வேண்டுமென்றே 1 டிகிரி பிழை இருக்கும்போது FIC-102-ஐ AUTO-வில் 5 நிமிடம் விட்டுவிட்டு CAS-க்கு மாற்றுங்கள். மாற்றிய நொடியில் வால்வு தாவக் கூடாது. நான் இப்போது இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தக் கேஸ்கேடையும் ஒப்படைப்பதில்லை.

பின்சேர்க்கை 1

பிற்பகலில் மட்டும் வெப்பநிலை விலகுகிறது, ஓட்டமோ செட்பாயிண்டிலேயே நிற்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய டியூனிங்கில் தவறில்லை. ஓட்ட வளையத்துக்குத் தண்ணீரின் அளவு தெரியும், அதன் சூடு தெரியாது. சென்னையில் மே மாதம் கூலிங் டவர் தண்ணீர் காலையில் 30 டிகிரியாகவும் பிற்பகலில் 33 டிகிரியாகவும் இருந்தால், அதே ஓட்டம் எடுத்துச்செல்லும் வெப்பம் 7.5% குறைந்துவிடும். அதை வெளி வளையம்தான் மெதுவாகச் சரிசெய்ய வேண்டும். தண்ணீரின் சூடுதான் உங்கள் முதன்மைத் தொல்லை என்றால், ஓட்டத்துக்குப் பதிலாக ஜாக்கெட் வெப்பநிலையை உள் வளையமாக வைப்பதே பொருத்தம். எங்களுக்கு ஹெட்டர் அழுத்தம்தான் தொல்லை, அதனால்தான் ஓட்டம்.

பின்சேர்க்கை 2

இன்னொருவர், பின்தொடர்தல் இருந்தும் TIC-இன் வெளியீடு ஓட்டத்தோடு தொடர்பில்லாமல் எல்லை வரை போய்விடுகிறது என்றார். அவருடைய FIC-இல் செட்பாயிண்டின் கீழ் எல்லை 1.5 கன மீட்டர். வால்வு இருக்கையை ஒட்டி ஆடாமலிருக்க அப்படி வைத்திருந்தார். TIC-இன் வெளியீட்டு எல்லையோ 0%. வெப்பநிலை குறைவாக இருந்த நேரமெல்லாம் TIC 0 வரை இறங்கிப்போய் அங்கேயே கிடந்தது. மீண்டும் சூடேறியபோது 0-லிருந்து 7.5% வரை ஏறும்வரை ஓட்டம் அசையவில்லை. TIC-இன் கீழ் எல்லையை 7.5% ஆக்கியதும் சரியாகிவிட்டது. மேல் எல்லைக்கும் இதே விதிதான்: பக்கத்து ரியாக்டர்கள் எல்லாம் ஓடும்போது உங்கள் வால்வு முழுதாகத் திறந்தும் 17 கன மீட்டர்தான் கிடைக்கிறது என்றால், TIC 20 வரை கேட்க அனுமதிக்காதீர்கள், 85%-இல் நிறுத்துங்கள்.