மூட்டைக்கு 70 ரூபாய் நிற்கிறது, ஆனால் கையில் ஏன் நிற்கவில்லை? டெலிவரிக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

கிருஷ்ணகிரியில் என் மாமா மாட்டுத்தீவனம் மொத்த வியாபாரம் செய்கிறார். சொந்தக் குடோன், 5 டன் ஏற்றும் சொந்த வண்டி, ஒரு டிரைவர், இரண்டு லோடுமேன்கள். ஒவ்வொரு திசைக்கும் வாரத்தில் ஒரு நாள் வண்டி போகும். போன வருடம் ஒருநாள் பேச்சுவாக்கில், "மாப்ளே, சரக்கு ஓடுது, ஆனா மாசக் கடைசியில பார்த்தா ஒண்ணும் நிக்கல" என்றார். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சரக்குப் போக்குவரத்துக் கணக்குதான் பார்க்கிறேன், அதனால் நானே உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். எந்தக் கடைக்குச் சரக்கு சேர்க்க உண்மையில் எவ்வளவு செலவாகிறது, அது போக அந்தக் கடையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிற இந்தக் கணக்கை எங்கள் ஆபீஸில் காஸ்ட் டு சர்வ் என்பார்கள். மாமா செய்திருந்த தவறுகள், அப்புறம் நானே செய்த ஒன்று, இரண்டையும் இங்கே சொல்கிறேன். ரூபாய்களைப் புரிவதற்காக வட்டமாக்கியிருக்கிறேன். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராயக்கோட்டை லைனை எடுத்துக்கொள்வோம். ஒரு டிரிப்பில் 12 கடை, 90 மூட்டை. 50 கிலோ மூட்டை 1,300 ரூபாய், அதில் கொள்முதல் போக 70 ரூபாய். வண்டிச் செலவு நாளுக்கு 5,100. அதாவது டிரைவர், லோடுமேன் சம்பளம், வண்டித் தவணை, இன்சூரன்ஸ், எஃப்சி எல்லாம் நாள் கணக்கில் 3,500. டீசலும் டயர் தேய்மானமும் கிலோமீட்டருக்கு 16 வீதம் 100 கிலோமீட்டருக்கு 1,600.

மாமாவின் கணக்கு ரொம்ப எளிது. 90 மூட்டை விற்பனை 1,17,000, செலவு 5,100, ஆக விற்பனையில் 4.4 சதவீதம் டெலிவரிக்குப் போகிறது, லாபம் 5.4 சதவீதம்; எல்லாக் கடையிலும் ஒரு சதவீதம் நிற்கிறது. இதுதான் முதல் தவறு, நான் பார்த்த முக்கால்வாசி இடங்களில் நடப்பதும் இதுதான். செலவை விற்பனைத் தொகையை வைத்துப் பிரித்தால் எல்லாக் கடையும் ஒரே மாதிரிதான் தெரியும், வேறு மாதிரி தெரிய வழியே இல்லை. வண்டி ஒரு கடை முன்னால் நிற்கும்போது டிரைவருக்கு ஆகும் சம்பளம், அங்கே 3 மூட்டை இறங்குகிறதா 30 மூட்டை இறங்குகிறதா என்று பார்ப்பதில்லை. ஓரம் கட்டுவது, கடைக்காரரைக் கூப்பிடுவது, பில்லைச் சரிபார்ப்பது, பணம் எண்ணுவது, எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

செலவை அது எதனால் வருகிறதோ அதோடு கட்ட வேண்டும். அதற்கு நேரம் தெரிய வேண்டும், அங்கேதான் இரண்டாவது தவறு காத்திருக்கிறது: டிரைவரிடம் "ஒரு கடைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது. நான் கேட்டபோது "பத்து, பதினஞ்சு நிமிஷம் சார்" என்றார். பொய் இல்லை. ஆனால் எந்தக் கடை என்று அதில் இல்லை. ட்ரிப் ஷீட் எழுதச் சொன்னால் சாயங்காலம் குடோனில் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதுவார்கள், அதுவும் உதவாது. கடைசியில் லோடுமேன் தம்பியிடம், வண்டி நின்றதும் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ், கிளம்பும்போது ஒரு வாய்ஸ், மீட்டர் ரீடிங்கோடு அனுப்பு என்றேன். நான்கு வாரம், நான்கு டிரிப். மாங்காய் சீசனில் இதைச் செய்யாதீர்கள், அப்போது லோடுமேன் கூலியும் வேறு, ரோட்டில் நெரிசலும் வேறு. அந்த மாத எண்ணை வைத்து வருடத்துக்கு முடிவெடுத்தால் தப்பாகும்.

வந்த சராசரி இது: சாப்பாட்டு நேரம் போக ஏறக்குறைய 9 மணி நேரம், 536 நிமிடம். காலையில் குடோனில் ஏற்ற 60, ஓட்டத்துக்கு 200, கடைகளில் 276. கடை நேரத்தில் மூட்டை இறக்க மூட்டைக்கு 1.2 நிமிடம், ஆக 90 மூட்டைக்கு 108. மீதி 168 நிமிடம் 12 கடைக்கு, சராசரி 14. டிரைவர் சொன்னது சரிதான் என்று மூடி வைத்திருந்தால் விஷயம் போயிருக்கும். பதினொரு கடைகளில் ஏறக்குறைய 11 நிமிடம்தான், ஒரே ஒரு கடையில் 47 நிமிடம். அது யார் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

3,500 ரூபாயை 536 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 6.50. கிலோமீட்டருக்கு 2 நிமிட ஓட்டம், ஆக 13 ரூபாய் நேரச் செலவு, டீசல் டயர் 16, மொத்தம் 29.

அப்புறம் தூரம். என் கணக்கு வழுக்கியது இங்கேதான். முதலில் நான் ஒவ்வொரு கடைக்கும் கிருஷ்ணகிரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று போட்டு, அந்த விகிதத்தில் செலவைப் பிரித்தேன். கடைசிக் கடை மொத்தப் பாவத்தையும் சுமந்தது, குடோன் பக்கத்துக் கடைகள் எல்லாம் நல்ல பிள்ளை ஆகிவிட்டன. ஆனால் அந்தக் கடைசிக் கடை மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. அதைத் தனியாகப் பார்க்க வண்டி போகவில்லையே, லைனுக்காகத்தான் போகிறது. சரியான வழி: லைனுக்குப் போய்த் திரும்பும் பொது ஓட்டம் 70 கிலோமீட்டர், 2,030 ரூபாய், அதை மூட்டைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 22.50. மெயின் ரோட்டை விட்டு உள்ளே போய் வரும் மீதி 30 கிலோமீட்டர் மட்டும், யாருக்காக உள்ளே போகிறோமோ அந்தக் கடையின் தலையில். மூட்டைக்குப் பிரிப்பதற்குக் காரணம், இந்த வண்டியில் எடைதான் முதலில் நிரம்பப் பார்க்கிறது. நீங்கள் பிஸ்கட், ஷாம்பு மாதிரி சின்ன சரக்கு போடுபவர் என்றால் வண்டி நிரம்பும் முன்னே பொழுது சாய்ந்துவிடும், அங்கே பொது ஓட்டத்தைக் கடை எண்ணிக்கைக்குத்தான் பிரிக்க வேண்டும்.

இப்போது ஒரு மூட்டைக்கு: 70 ரூபாயில், குடோனில் ஏற்றும் 60 நிமிடமும் கடைகளில் இறக்கும் 108 நிமிடமும் சேர்த்து ஏற்றி இறக்க 12, பொது ஓட்டம் 22.50 போக 35.50 மிஞ்சும். மெயின் ரோட்டுக் கடைக்கு 11 நிமிட நிறுத்தம் 71.50 ரூபாய். ஆக 2 மூட்டையில் கைக்கும் வாய்க்கும் சரி, மூன்றாவதில் லாபம். சின்ன ஆர்டர் எல்லாம் தொல்லை என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தது இந்தக் கடைகளைத்தான். இவர்கள் வண்டி நின்றதும் ஜிபே பண்ணுகிறவர்கள்.

4 மூட்டை எடுக்கும் உள்ளூர்க் கடை ஒன்று, மெயின் ரோட்டிலிருந்து போய் வர 8 கிலோமீட்டர். நிறுத்தம் 71.50, உள்ளே போக 232, மொத்தம் 303.50. நான்கு மூட்டையில் வருவது 142. ஒவ்வொரு தடவையும் 161 ரூபாய் நஷ்டம். 303.50 ஐ 35.50 ஆல் வகுத்தால் 8.55, அதாவது 9 மூட்டைக்குக் கீழே இந்தக் கடைக்குப் போகக்கூடாது. எல்லோருக்கும் சேர்த்து "குறைந்தது 5 மூட்டை" என்று போர்டு வைப்பதும் இதனால்தான் தப்பு: ரோட்டுக் கடையை வீணாக விரட்டும், உள்ளூர்க் கடை நஷ்டத்தைத் தடுக்கவும் செய்யாது.

சரி, 47 நிமிடக் கடை. அதுதான் மாமாவின் பெரிய பார்ட்டி, 30 மூட்டை. ஓனர் மதியம் வருவார், அவர் வராமல் குடோன் சாவி கிடைக்காது, அதுவரை வண்டி வெயிலில் நிற்கும். கணக்கு இப்படி: 30 மூட்டையில் 35.50 வீதம் 1,065. நிறுத்தம் 47 நிமிடம், 305.50. மீதி 759.50. இதோடு நிறுத்தினால் நல்ல கடைதான். ஆனால் வருடக் கடைசியில் மூட்டைக்கு 20 ரூபாய் வீதம் தள்ளுபடியாகக் கிரெடிட் நோட் போடுகிறார் மாமா, அது பில்லில் வராது என்பதால் 70 என்ற லாபத்தில் யாரும் கழித்ததில்லை. 600 போனது, மீதி 159.50. அப்புறம் 45 நாள் கடன். மில்லுக்கு முன்பணம் கட்டித்தான் சரக்கு வருகிறது, அதற்கு பேங்க் ஓவர்டிராஃப்டில் 12 சதவீத வட்டி. 39,000 ரூபாய்க்கு 45 நாளில் 585. ஆக ஒவ்வொரு லோடுக்கும் 425 ரூபாய் போகிறது. மாமா கால்குலேட்டரை வாங்கி இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "அவன் என் பெரிய பார்ட்டிடா" என்றார். "ஆமாம் மாமா, நஷ்டத்திலயும் அவர்தான் பெரிசு" என்றேன், முறைத்தார்.

தள்ளுபடி, கடன் இரண்டும் டெலிவரிச் செலவா என்று கேட்பீர்கள். வண்டிச் செலவு இல்லைதான். ஆனால் அந்தக் கடைக்காகவே ஆகிற செலவு என்பதால் அந்தக் கடைக் கணக்கில் வராமல் விட்டால் விடையே தலைகீழாகிவிடும்.

இதைப் பார்த்ததும் வருகிற அடுத்த தவறுதான் ஆபத்தானது: நஷ்டக் கடைகளை நாளைக்கே நிறுத்திவிடுவது. மாமாவும் உள்ளூர்க் கடையை வெட்டுகிறேன் என்று கிளம்பினார். வெட்டினால் எந்தச் செலவு நிஜமாகப் போகும்? 8 கிலோமீட்டருக்கான 128 ரூபாய் மட்டும். டிரைவர் சம்பளம், தவணை, பொது ஓட்டம் எல்லாம் அப்படியே நிற்கும், மற்ற கடைகள்மேல் ஏறும். போகிற வருமானம் 4 மூட்டைக்கு 280. ஆக 161 நஷ்டத்தைத் தடுக்கப் போய் 152 ரூபாய் கூடுதலாக இழப்போம். பெரிய பார்ட்டியை வெட்டினாலும் அப்படித்தான், அவர் தலையில் இருந்த 675 ரூபாய் பொது ஓட்டம் மீதி 60 மூட்டைமேல் வந்து உட்காரும். மேலே போட்ட கணக்கு எந்தக் கடையோடு பேச வேண்டும் என்று காட்டும். நிறுத்தலாமா என்று கேட்கும்போது, நின்றுபோகும் செலவை மட்டும் வைத்துத் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும்.

உள்ளூர்க் கடைக்காரரிடம் வாரம் 4 மூட்டைக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 9 மூட்டையாக எடுக்கச் சொன்னோம். மழைக்காலத்தில் தீவனம் பூஞ்சை பிடிக்கும் என்று பயந்தார், நியாயம்தான். தரையில் படாமல் அடுக்க மரப்பலகை இரண்டு கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டார்.

பெரிய பார்ட்டியிடம் மூட்டை விலையைத் தொடவில்லை. சாவியைக் கடைப் பையனிடம் விடுங்கள், கடனை 15 நாளாக்குங்கள் என்று இரண்டே கேட்டோம். நிறுத்தம் 11 நிமிடமானால் 234, வட்டியில் 390, மொத்தம் 624 திரும்பும், 425 நஷ்டம் 199 லாபமாகிவிடும். இதில் ஒரு சின்னக் கண்கட்டு உண்டு: மிச்சமாகும் 36 நிமிடத்தில் டிரைவர் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் அந்த 234 ரூபாய் காகிதத்தில்தான் இருக்கும். வண்டியில் இன்னும் 10 மூட்டைக்கு இடம் இருக்கிறது. ரோட்டோரமாக 5 மூட்டை எடுக்கும் இரண்டு புதுக் கடை பிடித்தால், கடைக்கு 17 நிமிடம் வீதம் 34 நிமிடம், இடமும் நேரமும் கச்சிதமாக நிரம்பும்.

ஒரு கடை கிடைத்துவிட்டது. சாவி இப்போது பையனிடம் இருக்கிறது. கடன் மட்டும் 30 நாளில் வந்து நிற்கிறது, தீபாவளி முடியட்டும் என்கிறார் மாமா. 30 நாளில் வட்டி 390, அதனால் அந்தக் கடை இப்போது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நாலு ரூபாய் பக்கத்தில் தொங்குகிறது.