கிரியேட்டினும் ஷட்டில், டென்னிஸ் ஆட்டக்காரர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் அல்சூர், இந்திராநகர் பக்கத்து வாடகை ஷட்டில் கோர்ட்டுகளில், போட்டிக்கு அரை மணி நேரம் முன்பு தசையில் இயல்பாகவே இருக்கும் கிரியேட்டின் என்ற பொருளைத் தூளாக வாங்கித் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் வழக்கம் இருக்கிறது. குடித்தவுடன் காபியைப் போல வேலை செய்யும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். ஆனால் அன்று குடித்த கிரியேட்டின் அன்றைய ஸ்மாஷுக்கு உதவுவதில்லை. பல நாட்கள் தொடர்ந்து எடுத்துத் தசையில் அதன் இருப்பு உயர்ந்த பிறகே பயன் தொடங்குகிறது.

எகிறி அடிக்கும் ஒரு ஸ்மாஷுக்குத் தேவையான ஆற்றலைத் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு தசையில் ஓரிரு விநாடிகளுக்கு மட்டுமே இருக்கும். அது தீரத் தீர உடனுக்குடன் ஈடுசெய்வது, கிரியேட்டின் தசையில் சேமிக்கப்படும் வடிவமான பாஸ்போகிரியேட்டின். அடுத்தடுத்து நான்கைந்து ஸ்மாஷ்கள் விழும் ஒரு ராலியில் இந்த இருப்பு வேகமாகக் குறைகிறது. டென்னிஸில் இரு பாயிண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் 25 விநாடிகளில் அதில் ஒரு பகுதிதான் திரும்ப உருவாகிறது, முழுமையாக நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். கிரியேட்டின் மொத்த இருப்பைக் கூட்டுகிறது என்பதால், பயன் இருந்தால் அது முதல் ஸ்மாஷில் தெரியாது, மூன்றாவது கேமில் வரும் பத்தாவது ஸ்மாஷில்தான் தெரிய வாய்ப்புண்டு. அப்படித் திரும்ப நிரம்புவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆகவே மூச்சுத்திறன் குறைந்த ஒருவருக்குத் தூள் மட்டும் பாயிண்டுகளுக்கு இடையிலான களைப்பைப் போக்காது.

என் பார்வையில், மிக அதிகமாகக் கெடுதல் செய்யும் தவறு போட்டி வாரத்தில் 'லோடிங்கை', அதாவது தசையை விரைவில் நிரப்பச் சில நாட்கள் அதிக அளவு எடுப்பதை, தொடங்குவதுதான். ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்திருக்கும், 62 கிலோ எடையுள்ள, சைவ உணவு உண்ணும் ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். இறைச்சியும் மீனும் உண்ணாதவர்களின் தசையில் கிரியேட்டின் இருப்பு பொதுவாகக் குறைவு என்பதால், தூளால் இவருக்குக் கூடுதல் பயன் கிடைக்கக்கூடும். அவர் திங்கட்கிழமையிலிருந்து நாளொன்றுக்கு 5 கிராம் வீதம் நான்கு வேளை, மொத்தம் 20 கிராம் எடுக்கிறார் என்றால், சனிக்கிழமைக்குள் தசை ஏறக்குறைய நிரம்பிவிடும். ஆனால் கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரையும் இழுத்துக்கொள்வதால் எடை 63 அல்லது 63.5 கிலோவாக ஏறியிருக்கலாம். வலைக்கு அருகே தாழ்ந்து பாய்ந்து, அதே வேகத்தில் பின்கோட்டுக்குத் திரும்ப வேண்டிய ஆட்டத்தில், பழகாத அந்த ஒரு கிலோவை முழங்கால் உணரும். வேளைகளைப் பிரிக்காமல் 10 கிராமை ஒரேயடியாக விழுங்கினால் வயிற்றுப்போக்கும் சேரலாம்.

இதே ஆட்டக்காரர் போட்டிக்கு நான்கு வாரம் முன்பே தினமும் 3 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தூளைத் தொடங்கியிருந்தால், தசை ஏறக்குறைய அதே அளவு நிரம்பியிருக்கும். எடையும் மெல்ல ஏறும், கால்களுக்கும் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து ஒரு தாளில் குறித்து வந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நான்கு வாரம் இல்லையென்றால், போட்டி முடிந்த மறுநாள் தொடங்குவதே மேல். அளவை ஸ்கூப் கணக்கில் நம்பாமல், ஒரு ஸ்கூப் எத்தனை கிராம் என்று டப்பாவில் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நீரில் இது சரியாகக் கரையாது. வெதுவெதுப்பான நீரில் கலக்கிய பிறகும் டம்ளரின் அடியில் வெள்ளை மணல் போல் தங்கினால், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடித்துவிட வேண்டும், இல்லையேல் தூளின் ஒரு பகுதி கழுவும் தொட்டிக்குத்தான் போகும்.

எதிர்பார்ப்பிலும் தவறு நேர்கிறது. டென்னிஸ் ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வுகளில், அடியின் வேகமோ துல்லியமோ கிரியேட்டினால் தெளிவாக உயரவில்லை. சர்வ் வேகம் கூடும் என்று நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். குறுகிய இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் ஷட்டில் ஃபீடிங், ஸ்பிரிண்ட், எடைப் பயிற்சி ஆகியவற்றில் ஓரிரு சுற்று கூடுதலாகச் செய்ய முடிவதே இதன் நம்பத்தக்க பலன். ஆட்டத்துக்கு அது அந்தப் பயிற்சியின் வழியாகத்தான் வந்து சேர்கிறது.

கடைசியாக, ரத்தப் பரிசோதனை. அலுவலக ஹெல்த் செக்கப்பில் 'கிரியேட்டினின்' என்ற கழிவுப்பொருளின் அளவு சற்று உயர்ந்திருப்பதைக் கண்டு, சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று பலர் அஞ்சுகிறார்கள். உடலில் கிரியேட்டின் சிதைந்தே கிரியேட்டினின் உண்டாகிறது. எனவே தூள் எடுப்பவருக்கும், முந்தைய நாள் கடுமையாக ஆடியவருக்கும், சிறுநீரகம் நலமாக இருக்கும்போதே அந்த எண் கூடலாம். அதற்காக அறிக்கையைத் தூக்கி எறிவதும் தவறு. தூள் எடுப்பதை மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரகத்தின் வேலையை வேறொரு வழியில் கணிக்கும் சிஸ்டாட்டின் சி ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்கலாம். அந்த அளவு கிரியேட்டினைச் சார்ந்ததன்று. சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவர்களும், அதற்கான மருந்து எடுப்பவர்களும் மருத்துவர் அனுமதிக்கும் வரை இந்தத் தூளைத் தொடக் கூடாது.