நைட் ஷிஃப்ட் முடித்தவர்களிடம் பயிற்சியாளரை அறிமுகப்படுத்தியது

உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் பிரிவுக்கு மாற்றலாகி வருபவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு, நைட் ஷிஃப்ட் விட்ட கையோடு நடக்கும். பயிற்சியாளரின் பட்டங்களை வாசித்தால் பாதிப்பேருக்குக் கண் சொருகிவிடும். அந்தத் தாளை விட்டுவிட்டேன். டீ கொடுத்ததும் இவ்வளவுதான் சொன்னேன்:

"எட்டரைக்கு பஸ். எட்டேகாலுக்கு விட்டுடுவோம். இவர் பிரஸ் ஓட்டினவர். ரெண்டு கை பட்டன்ல ஒண்ணுக்கு டேப் ஒட்டி, ஒரே கையால ஏன் ஓட்டுறோம்னு இவருக்குத் தெரியும்."

இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே சிக்காது; டார்கெட்டை எட்டும் அவசரத்தில்தான் ஒன்றுக்கு டேப் ஒட்டுவார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "டார்கெட்டைக் குறைப்பாங்களா சார்?" என்றார். பயிற்சியாளர், "சூப்பர்வைசர் இங்கேதான் இருக்கார், இப்பவே கேட்போம்" என்று அங்கிருந்தே வகுப்பைத் தொடங்கினார்.

சூப்பர்வைசரை முன்கூட்டியே பேசி உட்கார வைத்திருந்தேன். அவர் வராவிட்டால் இந்த அறிமுகம் எடுபடாது. சொன்ன நேரத்துக்கு விடுவதும் கட்டாயம். பஸ் போய்விட்டால் அடுத்த வகுப்பில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.